போயில் வெப்பநிலை: a/Rb எங்கிருந்து வருகிறது, ஏன் அளந்த பெறுமானத்துடன் ஒத்துப்போவதில்லை

கேள்வி: "சேர், நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படிக்கிறேன். a, b தந்து போயில் வெப்பநிலை கேட்டால் a/Rb என்று போட்டுவிடுவேன், ஆனால் ஏன் என்று விளங்கவில்லை. தாழ் அமுக்கத்தில் எந்த வாயுவும் இலட்சியமாகத்தானே நடக்கும், பிறகு அதற்கென்று தனி வெப்பநிலை எதற்கு? நைதரசனுக்குச் செய்து பார்த்தால் 426 K வருகிறது. ஒரு புத்தகத்தில் 327 K என்று போட்டிருக்கிறது. எது சரி?"

இரண்டும் சரி. 426 K என்பது வந்தர்வாலிசு சமன்பாட்டுக்குள் வழக்கமான a, b யைப் போட்டால் வரும் விடை. 327 K, அதாவது ஏறத்தாழ 54 °C, நைதரசனை ஆய்வுகூடத்தில் அளந்து கண்டது. இரண்டுக்கும் நடுவில் நூறு கெல்வின் இடைவெளி ஏன் வந்தது என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் உங்கள் நடுக் கேள்வியை எடுக்கிறேன். a/Rb ஐ மனப்பாடம் செய்தவர்கள் அநேகமாக அந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

ஒரு மூல் வாயுவுக்கு PV/RT என்ற விகிதத்தை Z என்று வைத்துக்கொள்ளுங்கள். இலட்சிய வாயுவுக்கு Z எப்போதும் 1. மெய் வாயுவை எடுத்து, வெப்பநிலையை மாற்றாமல், அமுக்கத்தைக் குறைத்துக்கொண்டே போனால் Z உம் 1 ஐ நோக்கியே போகும். நீங்கள் சொன்னது அதுதான், அதில் பிழை இல்லை. 200 K இலும் போகும், 300 K இலும் போகும், 1000 K இலும் போகும். P = 0 என்ற புள்ளியில் எல்லா வெப்பநிலைக் கோடுகளும் Z = 1 இல் வந்து சந்திக்கின்றன.

ஆனால் P = 0 என்பது வாயுவே இல்லாத இடம். நமக்கு வேண்டியது, அங்கிருந்து கொஞ்சம் அமுக்கத்தை ஏற்றும்போது கோடு எந்தப் பக்கம் போகிறது என்பது. ஒரு தாளில் P ஐக் கிடையாகவும் Z ஐ நிலைக்குத்தாகவும் வைத்து நைதரசனுக்கு வரைந்து பாருங்கள். 273 K இல் கோடு 1 இலிருந்து புறப்பட்டு உடனே கீழே சரியும். 600 K இல் புறப்பட்டவுடனேயே மேலே ஏறும். சரிவது ஏறுவதாக மாற வேண்டுமென்றால் இடையில் ஏதோ ஒரு வெப்பநிலையில் கோடு சரியாமலும் ஏறாமலும், Z = 1 என்ற கிடைக்கோட்டைத் தொட்டபடியே புறப்பட வேண்டும். அந்த வெப்பநிலைதான் போயில் வெப்பநிலை. ஆக, அங்கே வரையறுக்கப்படுவது Z இன் பெறுமானம் அல்ல, P = 0 இல் Z இன் சாய்வு. சாய்வு பூச்சியமாக இருப்பதால் வாயு கணிசமான அமுக்கம் வரைக்கும் PV = மாறிலி என்ற போயிலின் விதியை விட்டு விலகாமல் இருக்கிறது. போயிலின் பெயர் அதனால்தான் வந்தது.

சரி, இப்போது a/Rb. லைடனில் 1873 இல் தன் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டில் வந்தர்வாலிசு தந்த சமன்பாட்டை ஒரு மூலுக்கு எழுதுகிறேன்.

```
(P + a/V²)(V − b) = RT
```

a மூலக்கூறுகளுக்கிடையிலான கவர்ச்சியைச் சொல்கிறது, b மூலக்கூறுகளின் பருமனைச் சொல்கிறது. இது உங்களுக்குத் தெரியும். இடப்பக்கத்தை விரித்து எழுதுங்கள்.

```
PV − Pb + a/V − ab/V² = RT
```

இனித்தான் 'தாழ் அமுக்கம்' என்ற சொல் வேலைக்கு வருகிறது. அமுக்கம் குறைவாக இருந்தால் V பெரிது. அப்போது ab/V² என்ற உறுப்பு மற்றவற்றோடு ஒப்பிட மிகச் சிறியது. கீழே V² இருப்பதால் அது P² ஐப் போலக் குறைகிறது, Pb உம் a/V உம் P ஐப் போலத்தான் குறைகின்றன. ஆகவே அதைக் கைவிடலாம். மிஞ்சிய a/V இல் V க்குப் பதிலாக RT/P என்று போடலாம். அது ஏற்கெனவே சிறிய திருத்தம், அதற்குள் இலட்சிய வாயுவின் V ஐப் போடுவதால் வரும் பிழை அதைவிடச் சிறியது. அப்படிச் செய்தால்:

```
PV = RT + P(b − a/RT)
Z  = 1 + (P/RT)(b − a/RT)
```

அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் பாருங்கள். P = 0 இல் சாய்வின் குறியைத் தீர்மானிப்பது அதுதான். b பெரிதானால் கோடு ஏறும், a/RT பெரிதானால் சரியும், இரண்டும் சமமானால் கிடையாகப் புறப்படும். b = a/RT என்றால் T = a/Rb. இவ்வளவுதான்.

இதில் வெப்பநிலை எங்கே நுழைகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். b என்பது இடத்தை அடைத்துக்கொள்வது. மூலக்கூறு வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் இன்னொரு மூலக்கூறு இருக்கும் இடத்துக்குள் அதனால் நுழைய முடியாது. அதனால் b தனியாக நிற்கிறது, அதற்குக் கீழே T இல்லை. கவர்ச்சி அப்படியில்லை. இரண்டு மூலக்கூறுகள் அருகே கடந்து போகும்போது ஒன்றையொன்று இழுக்கின்றன. அவை மெதுவாகப் போனால் அந்த இழுப்பு பாதையை நன்றாக வளைத்துவிடும், வேகமாகப் போனால் அவ்வளவாகப் பாதிக்காது. அதனால்தான் a, RT யால் வகுபட்டு வருகிறது. இழுப்பு மாறுவதில்லை, ஆனால் வெப்பச் சக்தியோடு ஒப்பிட்டால் அதன் பங்கு வெப்பநிலை ஏற ஏறக் குறைந்துகொண்டே போகிறது. ஒன்று மாறாமல் நிற்க, மற்றது குறைந்துகொண்டு வந்தால் ஓரிடத்தில் இரண்டும் சமமாகித்தானே ஆக வேண்டும்! எந்த மெய் வாயுவுக்கும் ஒரு போயில் வெப்பநிலை இருப்பதற்குக் காரணம் அதுதான். a பெரிதாயிருந்தால் அந்த இடம் தள்ளிப்போகும், b பெரிதாயிருந்தால் முன்னுக்கு வரும்.

மாணவர்கள் அடிக்கடி செய்யும் இன்னொரு வழி இருக்கிறது. 'இலட்சியமாக நடக்கிறது' என்று கேள்வியில் சொல்லியிருப்பதால் நேரே PV = RT என்று வைத்து, அதை வந்தர்வாலிசு சமன்பாட்டுக்குள் போட்டு T ஐக் காண்பது. செய்து பாருங்கள், a/Rb வராது. இது வரும்:

```
T = (a/Rb)(1 − b/V)
```

இதைக் கண்டதும் எங்கோ பிழைத்துவிட்டது என்று அழித்துவிடுகிறார்கள். அழிக்க வேண்டாம். இது உண்மையான ஒரு கூற்று. குறித்த ஒரு கனவளவு V இல் Z சரியாக 1 ஆக வரும் வெப்பநிலை எது என்ற கேள்விக்கு இது விடை. நைதரசனை b ஐப்போலப் பத்து மடங்கு கனவளவுக்குள், அதாவது மூலுக்கு 0.387 லீற்றருக்குள் அடைத்தால் b/V = 0.1. அப்போது T = 0.9 × 426, ஏறத்தாழ 383 K. அந்த நிலையில் அமுக்கம் ஏறத்தாழ 82 பார். சமன்பாட்டின்படி அங்கே PV யும் RT யும் சமன்தான். ஆனால் அது போயில் வெப்பநிலை அல்ல. 383 K கோடு 1 இலிருந்து கீழே சரிந்து, ஓர் இழிவை அடைந்து, திரும்ப மேலே ஏறி வரும்போது தற்செயலாக 1 ஐ வெட்டும் புள்ளி அது. அதே வெப்பநிலையில் 40 பாரில் Z ஒன்றுக்குக் கீழே இருக்கும், 120 பாரில் ஒன்றுக்கு மேலே போய்விடும். தனியொரு அமுக்கத்தில் மட்டும் பொருந்துவதை வைத்து வாயு இலட்சியமாக நடக்கிறது என்று சொல்ல முடியாது.

இந்தச் சமன்பாட்டில் V ஐ முடிவிலிக்குக் கொண்டுபோனால் b/V பூச்சியமாகி a/Rb கிடைக்கும். இரண்டு வழிகளும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. கேள்வியில் வரும் 'தாழ் அமுக்கத்தில்' என்ற சொல் அந்த எல்லையைத்தான் கேட்கிறது. விடைத்தாளில் இந்த வழியில் போயிருந்தால் கடைசி வரியில் 'தாழ் அமுக்கத்தில் V ≫ b, ஆகவே b/V → 0' என்று ஒரு வரி எழுதுங்கள், விடை முழுமையாகிவிடும்.

போயில் வெப்பநிலையில் வாயு எவ்வளவு தூரத்துக்கு இலட்சியமாக இருக்கிறது? சாய்வு பூச்சியம் என்பதால் விலகலே இல்லை என்று அர்த்தமில்லை. நாம் கைவிட்ட இரண்டாம்படி உறுப்பைத் திரும்பக் கொண்டுவந்தால் அந்த வெப்பநிலையில் Z ≈ 1 + (b/V)² என்று வரும். நைதரசனை 426 K இல், 10 பாரில் எடுத்தால் V ஏறத்தாழ 3.54 லீற்றர், b/V = 0.011, அதன் வர்க்கம் 0.00012. நூற்றுக்கு ஒன்றில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு விலகல்தான். அதே 10 பாரில் 273 K இல் இதே சமன்பாட்டைப் போட்டால் Z ஏறத்தாழ 0.991, அதாவது நூற்றுக்கு ஒன்று அளவுக்குக் குறைகிறது. வித்தியாசம் எழுபது எண்பது மடங்கு. ஆனால் 426 K இலும் அமுக்கத்தை 100 பாருக்கு ஏற்றினால் விலகல் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டிவிடும். அங்கே மூலக்கூறுகளின் பருமன் வென்றுவிடுகிறது. ஆகவே போயில் வெப்பநிலையில் இருக்கும் வாயு எந்த அமுக்கத்திலும் இலட்சிய வாயு என்று எழுதிவிடக் கூடாது.

இனி உங்கள் 426 ஐ அலகோடு செய்து பார்ப்போம், ஏனென்றால் இந்தக் கணக்கில் புள்ளி போவது பெரும்பாலும் அலகில்தான். நைதரசனுக்கு a = 1.370 L² bar mol⁻², b = 0.0387 L mol⁻¹. இந்த அலகுக்கு R = 0.08314 L bar K⁻¹ mol⁻¹.

```
T = 1.370 / (0.08314 × 0.0387) = 426 K
```

SI அலகில் a = 0.1370 Pa m⁶ mol⁻², b = 3.87 × 10⁻⁵ m³ mol⁻¹, R = 8.314 J K⁻¹ mol⁻¹. இதில் செய்தாலும் அதே 426 தான் வரும், வர வேண்டும். சிக்கல் எங்கே என்றால், கை பழகிவிட்டதால் R க்கு 8.314 ஐப் போட்டுவிட்டு a ஐயும் b ஐயும் லீற்றர், பார் அலகிலேயே விட்டுவிடுவது. அப்போது 4.26 K வரும். a ஐ SI க்கு மாற்றிவிட்டு b ஐ லீற்றரிலேயே விட்டால் 0.426 K. இலக்கங்கள் அதே 4, 2, 6 ஆக இருப்பதால் கண்ணுக்குப் பிழை தெரியாது. a வளிமண்டல அலகில் தரப்பட்டிருந்தால் R = 0.08206 ஐப் பாவிக்க வேண்டும். அங்கே மாறிப்போனால் பிழை நூற்றுக்கு 1.3 அளவுதான், அது இன்னும் கண்ணில் படாது.

பெரிய பிழையைப் பிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. வந்தர்வாலிசு சமன்பாட்டில் அவதி வெப்பநிலை 8a/27Rb. ஆகவே போயில் வெப்பநிலை அவதி வெப்பநிலையின் 27/8 மடங்கு, அதாவது 3.375 மடங்கு. நைதரசனின் அவதி வெப்பநிலை 126 K. அதற்கு மேலேதான் விடை வர வேண்டும். 4 K வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். 77 K இலேயே நைதரசன் சாதாரண அமுக்கத்தில் திரவமாகிவிடுகிறது, 4 K இல் அது எப்படி இலட்சிய வாயுவாக நடக்கும்?

126.2 ஐ 3.375 ஆல் பெருக்கினால் 425.9 வருகிறது, நீங்கள் கண்ட விடையேதான். இது தற்செயல் இல்லை. அட்டவணையில் இருக்கும் a, b யை வழமையாக அவதி வெப்பநிலையையும் அவதி அமுக்கத்தையும் வைத்தே கணித்துத் தருகிறார்கள். 426 உக்கும் 327 உக்கும் இடையிலுள்ள இடைவெளிக்குத் திறப்பு இங்கேதான் இருக்கிறது.

ஆய்வுகூடத்தில் போயில் வெப்பநிலையை a, b இல்லாமலே காணலாம். பல வெப்பநிலைகளில் தாழ் அமுக்கத்தில் Z ஐ அளந்து, Z = 1 + B/V என்று பொருத்தி, ஒவ்வொரு வெப்பநிலைக்கும் B ஐக் காண்கிறார்கள். இதை இரண்டாம் விரியல் குணகம் என்பார்கள். B குறி மாறும் வெப்பநிலைதான் அளந்த போயில் வெப்பநிலை. வந்தர்வாலிசு வாயுவுக்கு B என்பது நாம் மேலே கண்ட அதே b − a/RT.

நைதரசனுக்கு அளந்த B, 273 K இல் மூலுக்கு −10.5 கன சென்ரிமீற்றர், 373 K இல் +6.2. குறி இந்த இரண்டுக்கும் இடையில் எங்கேயோ மாறிவிட்டது, அதனால் 327 K என்பதில் ஆச்சரியமில்லை. இப்போது அட்டவணை a, b யைப் போட்டு அதே B ஐக் கணித்துப் பாருங்கள். 273 K இல் −21.6 வரும், 373 K இல் −5.5. முதலாவது அளந்ததைவிட இரண்டு மடங்கு. இரண்டாவதில் குறியே பிழை. கொதிநீரின் வெப்பநிலையில் நைதரசன் ஏற்கெனவே தள்ளும் பக்கம் போய்விட்டது, ஆனால் அட்டவணை a, b யோ அது இன்னமும் இழுக்கும் பக்கத்தில் இருக்கிறது என்கின்றன.

இந்த இடத்தில் பலர் 'வந்தர்வாலிசு சமன்பாடு அண்ணளவானது, அதனால் பிழைக்கிறது' என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடுவார்கள். அந்தப் பதில் எனக்குப் போதாது. எது பிழைத்தது, எவ்வளவு பிழைத்தது என்று நாமே கண்டுபிடிக்கலாம். சமன்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு, a ஐயும் b ஐயும் அவதிப் புள்ளியிலிருந்து எடுக்காமல், அளந்த இரண்டு B களிலிருந்து எடுப்போம்.

```
b − a/(R × 273) = −10.5
b − a/(R × 373) = +6.2
```

இரண்டையும் கழித்தால் a/R × (1/273 − 1/373) = 16.7. இதிலிருந்து a/R ஏறத்தாழ 17 000 cm³ K mol⁻¹. அதைத் திரும்பப் போட்டால் b ஏறத்தாழ 51.8 cm³ mol⁻¹. போயில் வெப்பநிலை இரண்டின் விகிதம், ஏறத்தாழ 328 K. அளந்ததற்கும் இதற்கும் ஒரு கெல்வின்தான் வித்தியாசம்! a/Rb என்ற சூத்திரத்தில் குற்றம் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. குற்றம் நாம் எங்கிருந்து a, b யைக் கொண்டுவந்தோம் என்பதில்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். புதிய a ஐ லீற்றர், பார் அலகுக்கு மாற்றினால் 1.41. பழையது 1.37. பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் b, 38.7 இலிருந்து 51.8 ஆக ஏறிவிட்டது, மூன்றிலொரு பங்கு கூடுதல். ஆக, நூறு கெல்வின் இடைவெளிக்குப் பெரும்பொறுப்பு b தான். ஏன்? கோள வடிவான இரண்டு மூலக்கூறுகள் மோதும்போது ஒன்றின் மையம் மற்றதைச் சுற்றி ஒரு குறித்த கோளத்துக்குள் வர முடியாது. அந்தத் தடைக் கோளத்தின் ஆரை மூலக்கூறின் விட்டம். இதைச் சோடி சோடியாகக் கணக்கெடுத்தால்தான் b, மூலக்கூறுகளின் சொந்தக் கனவளவைப்போல நான்கு மடங்கு என்று வருகிறது. ஐதான வாயுவில் ஒரு நேரத்தில் இரண்டுதான் சந்திக்கும், எனவே அந்தக் கணக்கு சரி. அவதிப் புள்ளியில் வாயு நெருக்கமானது. அங்கே மூன்று நான்கு மூலக்கூறுகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் அவற்றின் தடைக் கோளங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. பொதுவான பகுதியை இரண்டு தரம் எண்ணக் கூடாது. அதனால் அங்கே ஒரு மூலக்கூறுக்கு வரும் தடைக் கனவளவு குறைவு. அவதிப் புள்ளியிலிருந்து எடுத்த b அந்த நெரிசலுக்கு ஏற்றபடி சுருங்கிய b. அதைத் தாழ் அமுக்கத்துக்குக் கொண்டுவந்து பகுதியெண்ணில் போட்டால், பகுதி சிறிதாகி விடை பெரிதாகிறது. 426 அப்படித்தான் வந்தது.

இந்த உபாயத்துக்கும் ஓர் எல்லை உண்டு. B களை எடுத்த வெப்பநிலைகள் போயில் வெப்பநிலைக்கு இருபக்கமும், கிட்டத்திலும் இருக்க வேண்டும். காபனீரொட்சைட்டுக்கு 273 K இல் B ஏறத்தாழ −150, 373 K இல் −72. இரண்டும் சய. இவற்றை வைத்து இதே கணக்கைச் செய்தால் ஏறத்தாழ 564 K வருகிறது, அளந்தது 715 K. அட்டவணை a, b யைப் போட்டால் ஏறத்தாழ 1026 K. ஒன்று மிகக் கீழே, மற்றது மிக மேலே. தாழ் வெப்பநிலையில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று சற்று நேரம் பிடித்து வைத்துக்கொள்வதால் கவர்ச்சியின் பங்கு 1/T ஐவிட வேகமாக ஏறுகிறது. b − a/RT என்ற எளிய வடிவம் அதைக் காட்டாது. அதனால் தொலைவிலிருந்து நீட்டிக் கணிப்பது ஆபத்து.

நம்முடைய ஊரின் 30 °C, அதாவது 303 K இல் நின்று பார்த்தால் எந்த வாயு எந்தப் பக்கம்? நைதரசன் தன் 327 K க்குச் சற்றுக் கீழே. கிட்டத்தட்ட எல்லையில் நிற்கிறது, பாடசாலை ஆய்வுகூடத்தில் அமுக்கமும் குறைவு, அதனால் வளியை வைத்துப் போயிலின் விதியைச் சோதித்தால் அழகாக நேர்கோடு வருகிறது. வெயிலில் ஓடிவந்த மோட்டார் சைக்கிளின் ரயருக்குள் நைதரசன் 54 °C ஐத் தொடுவது அப்படியொன்றும் அரிதல்ல, அங்கே அது தன் போயில் வெப்பநிலையிலேயே நிற்கிறது. ஆனால் அமுக்கம் சில பார்தான் என்பதால் ரயரில் அந்த வித்தியாசம் ஒன்றும் தெரியாது. ஒட்சிசனில் தெரியும். ஒட்சிசனின் அளந்த போயில் வெப்பநிலை 406 K. 303 K அதற்கு நூறு கெல்வின் கீழே. ஆகவே இங்கே கவர்ச்சி மேலோங்கி நிற்கிறது. வைத்தியசாலையில் காணும் 40 லீற்றர் ஒட்சிசன் சிலிண்டர் ஒன்று 150 பாரில் இருக்கிறது என்று வையுங்கள். PV = RT படி அதைத் திறந்துவிட்டால் 1 பாரில் 6000 லீற்றர் வர வேண்டும். அந்த நிலையில் Z ஏறத்தாழ 0.95 என்பதால் உள்ளே இருப்பது ஏறத்தாழ 6300 லீற்றருக்கு வரும். மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுப்பதால் அதே அமுக்கத்துக்குள் கொஞ்சம் கூட அடங்கியிருக்கிறது.

பரீட்சைக்கு வருவோம். a, b தந்து போயில் வெப்பநிலை கேட்டால் a/Rb தான் விடை, 426 ஐ எழுதுங்கள். 327 ஐ எழுதினால் கேட்ட கேள்விக்கு விடை அல்ல. சாய்விலிருந்தோ b/V → 0 என்ற எல்லையிலிருந்தோ தொடங்கி அந்த விடைக்கு வந்திருப்பதைத் திருத்துபவர் காண வேண்டும். B களைத் தந்து கேட்டால் B = 0 ஆகும் வெப்பநிலையை இடைக்கணித்துக் காணுங்கள், அங்கே அட்டவணை a, b யைக் கொண்டுவர வேண்டாம்.

'அட்டவணை a, b எப்போதும் கூடுதலான விடையைத்தான் தரும்' என்று பொதுவிதியாக எழுதிவைத்துக்கொள்ளவும் வேண்டாம். நைதரசன், ஒட்சிசன், மெதேன், காபனீரொட்சைட்டு எல்லாவற்றுக்கும் கூடுதலாக வருகிறது, உண்மை. ஐதரசனுக்கோ a/Rb ஏறத்தாழ 111 K, அளந்தது 110 K. ஈலியத்துக்கு a/Rb ஏறத்தாழ 17.5 K, அளந்தது 22.6 K, இங்கே குறைந்து போய்விட்டது. இரண்டும் மிக இலேசான மூலக்கூறுகள், இவ்வளவு தாழ்ந்த வெப்பநிலையில் குவாண்டம் விளைவு தலையிட்டு அவதி வெப்பநிலையையே கீழே இறக்கிவிடுகிறது. அதிலிருந்து எடுத்த a உம் b உம் அதையும் சேர்த்துக்கொண்டு வருகின்றன. ஐதரசனில் இரண்டு பிழைகள் எதிரெதிராக வெட்டிக்கொண்டதால்தான் விடை பொருந்துகிறது.